ரீல்ஸ் கவர்: வீடியோவின் ஒரு காட்சியா, தனியாக எடுத்த படமா, எழுத்துப் பலகையா?

சின்னாளப்பட்டிச் சுங்குடிப் புடவை விற்கும் ஒரு சின்னக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கடையை நடத்துவது ஓர் அக்காவும் அவருடைய மருமகளும். வாரத்துக்கு நாலு ரீல்ஸ் போடுகிறோம். இரண்டு புடவையை விரித்துக் காட்டுவது, ஒன்று சாயம், சலவை என்று வாடிக்கையாளர் கேட்பதற்குப் பதில், இன்னொன்று தள்ளுபடி அல்லது புது வரவு. ஒருநாள் அக்கா போனை என் பக்கம் நீட்டினார்: "தம்பி, ஒவ்வொண்ணாப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. மொத்தமாப் பார்த்தா ஏன் சந்தைக்கடை மாதிரி இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். முதல் ஒன்பது கட்டங்களில் மருமகள் 'ஆ' என்று பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி இருக்கும் கவர் ஒன்று. பச்சைப் பட்டையில் எழுத்து இருப்பது ஒன்று, மஞ்சளில் எழுதிக் கறுப்பு ஓரம் கட்டியது ஒன்று. டியூப்லைட் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்தது இரண்டு. கீழே சப்டைட்டிலில் "இந்தப் புடவை" என்று அந்தரத்தில் நிற்கும் ஒன்று. முடிந்துபோன ஆடித் தள்ளுபடி ஒன்று. எல்லாமே நான் போட்டவைதான்.

அதற்கப்புறம் கவருக்கு என்ன வழி என்று உட்கார்ந்து யோசித்தோம். எங்கள் முன் இருந்தவை மூன்று. வீடியோவிலிருந்தே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுப்பது, படப்பிடிப்பின்போதே தனியாக ஒரு போட்டோ எடுத்து அதைக் கவராக ஏற்றுவது, நிறப் பலகையில் எழுத்தை மட்டும் வைத்து வடிவமைப்பது. மூன்றையும் சில வாரங்கள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் கட்டத்தின் அளவு

ரீல்ஸ் கவர் 1080 × 1920 பிக்சல். ஆனால் புரொஃபைல் பக்கத்தில் அது முழுதாகத் தெரியாது. 2025 ஜனவரிக்கு முன்பு அந்தக் கட்டம் சதுரம். அப்போது நடுவில் உள்ள 1080 × 1080 மட்டும் தெரியும். அதற்குப் பிறகு கட்டம் 3:4 ஆகிவிட்டது. இப்போது தெரிவது நடுவில் உள்ள 1080 × 1440. அதாவது மேலே 240 பிக்சலும் கீழே 240 பிக்சலும் வெட்டுப்படும்.

இந்த மாற்றத்தில் எங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. பழைய ரீல்ஸ் கவர்களில் அதுவரை மறைந்திருந்த மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் கொஞ்சம் வெளியே வந்தன. கூடவே கூரையின் சிலந்தி வலையும், தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வந்தன. சதுரமாகப் போட்டிருந்த விலைப் போஸ்டர்களுக்கு நேர்மாறான கதை. 1080 அகலத்தில் 810தான் தெரிந்தது, பக்கத்துக்கு 135 போய்விட்டது. 'சுங்குடி' என்று ஓரத்தில் ஆரம்பித்த போஸ்டர் ஒன்று 'ங்குடி' ஆனது. பழைய பதிவு ஒவ்வொன்றிலும் முன்னோட்டத்தை நகர்த்திச் சரிசெய்யும் வசதி உண்டு. ஆனால் ஓரம்வரை எழுத்து இருந்தால் எப்படி நகர்த்தினாலும் ஒரு பக்கம் போகும்.

ரீல்ஸ் மட்டும் காட்டும் தனித் தாவலில் கவர் 9:16 முழுதாகத் தெரியும். அங்கே கீழ் இடது மூலையில் பார்வை எண்ணிக்கை உட்கார்ந்திருக்கும். முதன்மைக் கட்டத்தில் வலது மேல் மூலையில் ரீல்ஸ் அடையாளமோ, பதிவு எப்போதும் மேலேயே நிற்கும்படி பின் செய்திருந்தால் அந்தப் பின் அடையாளமோ வரும். ஆக, கீழ் 240 பிக்சல் ஓரிடத்தில் வெட்டுப்படுகிறது, இன்னோரிடத்தில் எண்ணால் மறைகிறது. எழுத்துக்கு அது உதவாத இடம். வலது மேல் மூலையில் லோகோ வைப்பதும் வீண். உண்மையில் லோகோவே வேண்டாம் என்பேன். புரொஃபைல் படமாக அதே லோகோ மேலே பெரிதாக இருக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் குட்டியாக ஒன்று எதற்கு?

வீடியோவிலிருந்து ஒரு காட்சி

இதற்குக் கூடுதல் வேலை இல்லை. பதிவேற்றும்போது கவரைத் தொட்டு, கீழே ஓடும் பட்டையை விரலால் நகர்த்தி, பிடித்த இடத்தில் நிறுத்தினால் போதும். புடவையின் உண்மையான நிறம், கடையின் உண்மையான சூழல் எல்லாம் அப்படியே வரும்.

சிக்கல் என்னவென்றால், ஓடும்போது தெளிவாகத் தெரியும் வீடியோ நிறுத்தினால் தெளிவாக இருக்காது. புடவையை உதறி விரிக்கும் அந்த நொடிதான் வீடியோவின் அழகே. அதையே கவராக வைத்தால் முந்தானை வெறும் கலங்கலாகத் தெரியும். கடைக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தால் போன் ஒவ்வொரு காட்சியையும் அதிக நேரம் திறந்து வைத்துப் பிடிக்கும், கலங்கல் இன்னும் கூடும். பேசும் வீடியோ என்றால் வாய், கண் இரண்டும் ஒழுங்காக இருக்கும் காட்சி கிடைப்பதே அதிர்ஷ்டம். சப்டைட்டிலை எடிட் செய்யும்போதே பதித்துவிட்டால் எந்தக் காட்சியை எடுத்தாலும் அரை வாக்கியம் ஒன்று கூடவே வரும்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. வீடியோவின் தொடக்கத்திலோ முடிவிலோ புடவையைப் பிடித்தபடி இரண்டு விநாடி அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு விநாடியில் சப்டைட்டில் போடக்கூடாது. மருமகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து கேட்காமலே நின்றார். இதைச் செய்தபின் காட்சிக் கவர்கள் பாதிக்கு மேல் தேறின.

யூடியூப் ஷார்ட்ஸிலும் அதே வீடியோவைப் போடுபவர்கள் இந்தப் பழக்கத்தை எப்படியும் வைத்துக்கொள்வது நல்லது. நீளமான வீடியோவுக்குத் தனிப் படம் ஏற்றுவது போல் ஷார்ட்ஸுக்கு நாங்கள் ஏற்றுவதில்லை. போன் செயலியில் பதிவேற்றும்போது வீடியோவுக்குள்ளிருந்தே ஒரு காட்சியை எடுக்கிறோம். அசையாத இரண்டு விநாடி இருந்தால் விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அதே படம்தான் கிடைக்கும்.

தனியாக எடுத்த போட்டோ

வீடியோ எடுத்து முடித்த உடனே, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ. இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. வீடியோவிலிருந்து வெட்டிய காட்சியையும் இந்தப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சுங்குடியின் புள்ளிகள் போட்டோவில் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருக்கும். வீடியோக் காட்சியில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு வசதி. பெரும்பாலான போன் கேமராக்கள் நிமிர்த்திப் பிடித்தால் வழக்கமாக எடுப்பது 3:4 படம்தான். கட்டமும் இப்போது 3:4. திரையில் பார்ப்பதுதான் கட்டத்திலும் வரும். ஆனால் அதை 1080 × 1920 கவருக்குள் வைக்கும்போது மேலேயும் கீழேயும் 240 பிக்சல் காலியாகும். கறுப்பாக விட்டால் ரீல்ஸ் தாவலில் அசிங்கமாகத் தெரியும். நாங்கள் முதலில் சுவரின் நிறத்தையே எடுத்து நிரப்பினோம். அப்புறம் அதையும் விட்டுவிட்டு, கேமராவை 9:16க்கு மாற்றி, ஓர் அடி பின்னால் போய் எடுக்கப் பழகினோம். மேலேயும் கீழேயும் சுவரும் தரையும் மட்டும் வரும், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை.

குறை ஒன்றுதான்: படப்பிடிப்பு நேரத்தில் மறந்தால் போச்சு. பிறகு வீட்டில் உட்கார்ந்து எடுத்தால் வெளிச்சம் வேறு, சுவர் வேறு. ஒரு முறை அப்படி எடுத்த மாந்தளிர்ப் புடவை கட்டத்தில் செங்கல் நிறமாக இருந்தது. அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர் வீடியோவைப் பார்த்துவிட்டு "இது வேற புடவையா?" என்று கேட்டார்.

எழுத்துப் பலகை

ஒரே நிறப் பின்னணி, ஒரே எழுத்துரு, தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். பக்கத்தை ஒரே மாதிரி ஆக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. வருமான வரித் தாக்கல் செய்துதரும் ஒருவருக்கு இதைத்தான் செய்துகொடுத்தேன், இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. அவரிடம் காட்டுவதற்குப் பொருள் ஒன்றுமில்லை. வருபவருக்கு வேண்டியது தன் கேள்வி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான்.

புடவைக் கடையில் அது எடுபடவில்லை. மூன்று வாரம் முழுக்கப் பலகையாகவே போட்டோம். பக்கம் மிகவும் ஒழுங்காக இருந்தது. புடவைதான் இல்லை. அக்கா சொன்னது: "கடை வாசல்ல ஷட்டர இறக்கிட்டு அதுல பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு." புடவை வாங்க வருபவர் கட்டங்களைப் படிப்பதில்லை, விரலால் தள்ளிக்கொண்டே நிறங்களைப் பார்க்கிறார். அவருக்கு எழுத்து குறுக்கே நிற்கும் ஆள்.

எழுத்து எவ்வளவு, எங்கே

இங்கேதான் நான் அதிகமாகத் தவறு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கவரை வடிவமைக்கும்போது அது திரை முழுக்கத் தெரியும், எழுத்து பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் கட்டத்தில் அதன் அகலம் எவ்வளவு? என் போனின் திரை ஏறக்குறைய 6.7 செ.மீ. அகலம். மூன்று கட்டம் என்றால் ஒன்று 2.2 செ.மீ. தான். ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் அந்த 22 மில்லிமீட்டருக்குள் சுருங்குகிறது. கணக்குப் போட்டால் 50 பிக்சல் ஒரு மில்லிமீட்டர். நான் ஆரம்பத்தில் வைத்த எழுத்துகளில் 'ப' 45 பிக்சல் உயரம் இருந்தது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. மருந்து அட்டையின் பின்பக்கம் போல.

இப்போது என் கணக்கு இது: 'ப'வின் உயரம் 100 பிக்சலுக்குக் குறையக்கூடாது. அப்போதுதான் கட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் வரும். இந்த அளவில் எழுதினால், ஓரங்களில் 90 பிக்சல் விட்டு மிஞ்சும் 900 பிக்சல் அகலத்தில், வரிக்கு ஆறேழு வடிவங்கள்தான் கொள்ளும். வடிவங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'போ' நமக்கு ஓர் எழுத்து, ஆனால் அது மூன்று வடிவத்தின் இடத்தை அடைக்கும். 'ண', 'ஞ', 'ழை' எல்லாம் அகலக்காரர்கள். ஆங்கிலத் தலைப்பைப் பார்த்து அளவு வைத்த டெம்ப்ளேட்டில் தமிழை ஊற்றினால் வழிவது இதனால்தான்.

ஆகவே வாக்கியம் எழுத முடியாது. "முதல் தடவை சுங்குடிப் புடவையைத் துவைப்பது எப்படி?" என்று எழுதினால் ஐந்தாறு வரி ஆகும். "முதல் சலவை" என்றால் இரண்டே வரி. "சாயம் போகுமா?" இரண்டு வரி. "கஞ்சி போடலாமா?" இரண்டாவது வரி கொஞ்சம் இடிக்கும், "கஞ்சி வேணுமா?" சரியாக உட்காரும். தலைப்பைச் சுருக்க முடியவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்கக்கூடாது, வேறு சொல் தேட வேண்டும். முழு வாக்கியம் வீடியோவின் முதல் விநாடியில் வரட்டும், அங்கே திரை முழுக்க இடம் இருக்கிறது.

அடுத்தது, எழுத்து எதன் மேல் உட்காருகிறது என்பது. சுங்குடி என்றாலே நிறத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள். அதன் மேல் நேரடியாக வெள்ளையில் "சாயம்" என்று எழுதி வைத்தேன். எது எழுத்தின் புள்ளி, எது புடவையின் புள்ளி என்று தெரியவில்லை. கட்டத்தில் அது "சாயம போகுமா" என்று நின்றது. மஞ்சளுக்கு மாற்றினேன், மஞ்சள் புடவை வந்தபோது மாட்டிக்கொண்டேன். கறுப்பு ஓரம் கட்டினேன். அது இன்னும் மோசம். ஓரம் தடித்தால் 'ண'வின் சுழிகளும் 'ழ'வின் வளைவும் உள்ளுக்குள் அடைத்துக்கொண்டு கட்டத்தில் கறுப்புக் கட்டியாகத் தெரியும்.

கடைசியில் தேறியது ஒரு பட்டை. படத்தின் கீழ்ப்பகுதியில், வெட்டுப்படும் எல்லைக்கு மேலே, முழு அகலத்துக்கு அடர் நீலப் பட்டை. அதன் மேல் பால் வெள்ளை எழுத்து, ஓரம் இல்லை, நிழல் இல்லை. எங்கள் டெம்ப்ளேட்டில் அது மேலிருந்து 1180 பிக்சலில் தொடங்கி 1580இல் முடிகிறது. கட்டம் வெட்டுவது 1680இல். ஆகவே பட்டைக்குக் கீழே இன்னும் 100 பிக்சல் புடவை தெரியும். பட்டை ஒட்டிக்கொண்டு தொங்காமல் படத்துக்குள் இருப்பது போல் இருக்கும். நீலத்தைத் தேர்ந்ததற்குப் பெரிய காரணமில்லை, கடையின் பையும் பில்லும் அந்த நிறம்.

எழுத்துருவில் ஹிந்த் மதுரை, முக்தா மலர் இரண்டும் தடித்த வடிவத்தில் சின்ன அளவிலும் படிக்க முடிந்தது. பலூ தம்பி பார்க்க ஜோராக இருந்தது, ஆனால் சுங்குடிக்குக் குழந்தை உடுப்புக் கடைச் சாயல் வந்துவிட்டது. மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள். வீடியோ எடிட் செய்யும் செயலிகள் சிலவற்றில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் உடையும். 'கொ' அங்கே 'க'வுக்குப் பின்னால் கொம்பு வைத்து நிற்கும். பதிவேற்றும்முன் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இருக்கும் சொற்களை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். போட்டோஷாப் என்றால் எழுத்து அமைப்பில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தால் இது பெரும்பாலும் சரியாகும்.

எழுத்துள்ளதையும் இல்லாததையும் எப்படி அடுக்குவது

ஒன்றுவிட்டு ஒன்று எழுத்துக் கவர் போட்டால் சதுரங்கப் பலகை மாதிரி அழகாக வரும். வரிசைக்கு மூன்று கட்டம் என்பதால், புதிதாக ஒன்று போட்டு எல்லாம் ஓர் இடம் நகர்ந்தாலும் சதுரங்கம் கலையாது. ஆனால் ஒரே வகையில் இரண்டு அடுத்தடுத்து வந்தால் அந்த இடத்திலிருந்து முறை புரண்டுவிடும். பழைய பதிவொன்றை எடுத்து மேலே பின் செய்தாலும் அதே கதி, நடுவிலிருந்து ஒரு கட்டம் உருவப்பட்டு அதன் இரு பக்கமும் ஒரே வகையாக ஒட்டிக்கொள்ளும். நடுப்பத்தி முழுக்க எழுத்து, இரு பக்கமும் படம் என்ற அமைப்பு இன்னும் நோஞ்சான். ஒவ்வொரு பதிவுக்கும் பத்தி இடம் மாறும், மூன்று மூன்றாகப் போட்டால்தான் நிற்கும். வாரத்துக்கு நாலு போடும் கடைக்கு அது சரிப்படாது.

இதனால் அடுக்கு முறையை விட்டோம். எங்கள் விதி இப்போது வரிசையைப் பற்றியது இல்லை, வகையைப் பற்றியது. புடவை காட்டும் வீடியோவுக்குத் தனியாக எடுத்த போட்டோ, எழுத்தே இல்லாமல். கேள்வி-பதிலுக்கு அதே மாதிரி போட்டோ, அதன் மேல் அந்த நீலப் பட்டை. தள்ளுபடி வீடியோ ரீல்ஸ் தாவலில் மட்டும் இருக்கும், முதன்மைக் கட்டத்தில் காட்டுவதில்லை. விலையைக் கவரில் எழுதுவதே இல்லை. வீடியோ வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும், விலை இருக்காது.

இது எந்த வரிசையில் வந்தாலும் தாங்குகிறது. காரணம், இரண்டு வகைக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கடையின் பின்பக்கச் சுண்ணாம்புச் சுவர், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வரும் சன்னல் வெளிச்சம், புடவை படத்தின் முக்கால் பங்கு. இந்த மூன்றும் மாறாவிட்டால் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பது கண்ணை உறுத்துவதில்லை. இவை மாறினால் எவ்வளவு அழகான பட்டை போட்டாலும் சந்தைக்கடைதான்.

முதல் மாதம் ஒருநாள் மழை, வெளிச்சம் இல்லை, டியூப்லைட்டில் எடுத்தோம். வெள்ளைச் சுவர் நீலமாக வந்தது. பட்டை, எழுத்து, இடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் ஒன்பதில் அந்த ஒன்றுதான் முதலில் கண்ணில் பட்டது. இப்போது மழை நாளில் கேள்வி-பதில் மட்டும் எடுக்கிறோம், புடவை காட்டுவதில்லை. கவருக்கு முந்தைய வாரம் எடுத்து மிஞ்சிய போட்டோ ஒன்று கைவசம் இருக்கும்.

பதிவேற்றும்முன் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். புரொஃபைல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புதுக் கவரைக் கட்டத்தின் அளவுக்குச் சுருக்கி முதல் இடத்தில் ஒட்டி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பது. நிறம் போனபின்னும் பட்டை எழுத்து படிக்க வந்தால் தேறியது. கட்டங்களில் ஒன்று மட்டும் மற்றதைவிட ரொம்பக் கறுத்தோ வெளுத்தோ நின்றால் அந்தக் கவரை மாற்றுவேன்.

பழையவற்றை என்ன செய்வது என்று அக்கா கேட்டார். பக்கத்தில் அறுபதுக்கும் மேல் பழைய ரீல்ஸ் இருந்தன. போட்ட ரீல்ஸைத் திறந்து கவரை மாற்றிக்கொள்ளலாம், எண்ணிக்கை எதுவும் குறையாது. ஆனால் அறுபதுக்கும் புதிதாகப் போட்டோ எடுக்கப் புடவையே கடையில் இல்லை, விற்றுப்போனது. திரையைத் திறந்ததும் கண்ணில் படும் பன்னிரண்டை மட்டும் மாற்றினோம். அதில் நாலுக்குப் புடவை கிடைக்கவில்லை, வீடியோவையே நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தெளிவான காட்சி எடுத்தோம். ஆடித் தள்ளுபடியைக் கட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். 'ஆ' என்று வாயைத் திறந்திருந்ததை மாற்ற மருமகள் விடவில்லை. அதுதான் அவருடைய வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்ததாம்.